கபடிப் போட்டி நடத்த எவ்வளவு ஆகும்? கைக்காசு போகாமல் நுழைவுக் கட்டணம் போடும் முறை

தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும், கடலோர ஊர்களில் மின்னொளி கபடி நடக்காத ஆண்டு இல்லை. நடத்துவது பெரும்பாலும் ஊர் இளைஞர்கள்தான். போட்டி முடிந்து பந்தல் பிரிக்கும்போது ஜெனரேட்டர்காரருக்கும் மைக் செட்காரருக்கும் பாக்கி நிற்கும். அதைக் கமிட்டியில் இரண்டு பேர் தங்கள் கைக்காசிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அந்த இரண்டு பேரும் கமிட்டிப் பக்கமே வரமாட்டார்கள். பல ஊர்களில் பக்கத்து ஊர் வாங்கும் கட்டணத்தைப் பார்த்து அதையே நோட்டீஸில் போட்டுவிடுகிறார்கள். நம் செலவுக்கு அது போதுமா என்று யாரும் பார்ப்பதில்லை. லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம் என்று நினைக்கும் கமிட்டிக்காக இந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்கிறேன். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் ஊர் விலையை விசாரித்து அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: எத்தனை அணி என்பதை நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

நாக்அவுட் போட்டியில் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும். 16 அணி என்றால் 15 ஆட்டம், 12 அணி என்றால் 11 ஆட்டம். மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் வைத்தால் ஒன்று கூடும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. அதனால் 9.45-க்குள் பரிசளிப்புக்கு வந்துவிட வேண்டும். அரையிறுதியும் இறுதியும் 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 நிமிடம் என்று வைத்தால், அணி மாறும் நேரத்தோடு ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஆகும். முதல் சுற்றுகளைப் பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்தால் அரை மணி நேரம் போதும்.

12 அணிக்கு முதல் சுற்றும் காலிறுதியும் சேர்த்து 8 ஆட்டம், 4 மணி நேரம். அதற்குப் பிறகு 3 ஆட்டம், இரண்டே கால் மணி. மொத்தம் ஆறே கால் மணி நேரம். மாலை 3.30-க்குத் தொடங்கினால் 9.45-க்கு முடியும். 16 அணியைச் சேர்த்தால் மதியம் 1.30-க்கே தொடங்க வேண்டும். அந்த வெயிலில் மண்ணில் கால் வைக்க முடியாது. ஆகவே ஒரே களம், ஒரே நாள் என்றால் 12 அணிதான் உச்சம். அதற்கு மேல் வருகிற பணம் கணக்கில் வேண்டாம்.

படி 2: செலவை இரண்டு பக்கமாக எழுதுங்கள்

ஒரு நோட்டில் இடது பக்கம், எத்தனை அணி வந்தாலும் மாறாத செலவு. வலது பக்கம், ஓர் அணி கூடினால் கூடும் செலவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் பிறகு கணக்கு நிற்காது.

இடது பக்கத்தில் புதியவர்கள் குறைத்துப் போடும் செலவு மண். கடற்கரை மணலில் கால் புதையும், பாடிப் போகிறவர் திரும்பி ஓட முடியாது. அதனால் வேறு மண் அடித்தாக வேண்டும். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 130 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பவே ஆறரை கன மீட்டர் மண் வேண்டும். நூறு கன அடி கொள்ளும் டிராக்டர் டிப்பரில் அது இரண்டு நடைக்கு மேல் போகும், மூன்று நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பியதும் தண்ணீர் அடித்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, காலையில் களம் முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். கிளிஞ்சல் துண்டு ஒன்று கிடந்தாலும் முழங்காலைக் கிழித்துவிடும். சலிக்கிற ஆள்கூலியையும் சேர்த்து மண்ணுக்கு 4,000 போடுவோம்.

மற்றவை: லைட், ஜெனரேட்டர், டீசல் 9,000. மைக் செட் 3,500. நான்கு நடுவர்களுக்குச் சம்பளம், பயணம், சாப்பாடு சேர்த்து 4,400. பந்தல், நாற்காலி 3,000. நோட்டீஸ், பிளெக்ஸ் 2,500. கோப்பைகள் 4,000. முதலுதவிப் பெட்டி, ஐஸ், கட்டுத்துணி 800. அனுமதிக்கு அலைவது, ஜெராக்ஸ், சில்லறை 800. இதுவரை 32,000. எதிர்பாராத செலவுக்கு 3,000 சேர்த்தால் 35,000. கடற்காற்றில் பிளெக்ஸ் கிழியும், சுண்ணாம்புக் கோடு பறக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். அதனால் இந்த 3,000-ஐத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

பரிசுப் பணமும் இடது பக்கம்தான். முதல் பரிசு 8,000, இரண்டாவது 6,000, அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிக்கும் தலா 3,000 என்று கமிட்டி ஆசைப்படுகிறது. அது 20,000. ஆக இடது பக்கம் 55,000.

வலது பக்கம்: ஆடுவோர் 7, மாற்று 5, கூட வருபவர் ஒருவர். ஓர் அணிக்கு 13 பேர். இரவுச் சாப்பாடு ஆளுக்கு 60 வீதம் 780. டீ, வடை ஆளுக்கு 20 வீதம் 260. அப்புறம் தண்ணீர். நம் கடற்கரையில் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன்தான் வாங்க வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் அணிக்கு இரண்டு கேன், 60 ரூபாய். ஆக ஓர் அணிக்கு 1,100.

படி 3: கைக்கு வந்த நன்கொடையை மட்டும் கழியுங்கள்

"முதல் பரிசு என்னுடையது" என்று படகு உரிமையாளர் சொல்வார். ஐஸ் கம்பெனிக்காரர் தலையாட்டுவார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாரம் மீன்பாடு சரியில்லை என்றால் அவர்களாலும் தர முடியாது. ஓர் ஊரில் இரண்டாம் பரிசுக்காரர் வெளியூர் போய்விட, மேடையில் வெறும் கவரைக் கொடுத்து, மறுநாள் அந்த அணி ஊருக்குள் வந்து நின்ற கதையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணம் பொருளாளர் கைக்கு வந்து ரசீது கிழித்த பிறகுதான் நோட்டீஸில் பெயர் போட வேண்டும்.

நம் உதாரணத்தில் கைக்கு வந்தது: முதல் பரிசு 8,000, இரண்டாம் பரிசு 6,000, ஒரு நன்கொடையாளர் 10,000, ஊர் வசூல் 12,000. மொத்தம் 36,000. 55,000-இல் இதைக் கழித்தால் 19,000 மிச்சம். இதை அணிகள்தான் தர வேண்டும்.

படி 4: நிச்சயமாக வரும் அணிகளை எண்ணுங்கள்

இந்தக் கணக்கில் கமிட்டி சறுக்கும் இடம் இதுதான். 12 அணிக்கு இடம் இருக்கிறது என்பதால் 19,000-ஐ 12-ஆல் வகுத்துவிடுகிறார்கள். போனில் "வந்துருவோம்ணே" என்று சொல்வது கணக்கில் சேராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பார்கள், அணி சேரும். ஆனால் அதே காரணத்தால் நாலு ஊரில் ஒரே வாரத்தில் போட்டி இருக்கும், அவர்கள் கையில் காசும் இருக்காது. தடை முடிந்த பிறகு வைத்தால் காசு இருக்கும், ஆட்டக்காரர் கடலில் இருப்பார். நான் தடைக்காலத்தையே தேர்ந்தெடுப்பேன். கட்டணத்தைக் குறைவாக வைத்து, பக்கத்து ஊர்களின் தேதியைக் கேட்டுவிட்டு நாள் குறிப்பேன்.

சென்ற முறை வந்தவர்கள், ரத்த உறவு உள்ள ஊர்கள், முன்பணம் அனுப்பச் சம்மதித்தவர்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். நம் உதாரணத்தில் 9 பெயர் தேறுகிறது. வகுப்பது 9-ஆல்தான்.

படி 5: கட்டணம்

19,000-ஐ 9-ஆல் வகுத்தால் 2,111. அதோடு 1,100. ஓர் அணிக்கு 3,200-க்கு மேல் வருகிறது. தடைக்காலத்தில் இந்தத் தொகையை எந்த அணியும் கட்டாது. அப்போது கட்டணத்தை வெறுமனே இறக்கினால் நட்டம் உறுதி. செலவில்தான் கை வைக்க வேண்டும்.

அரையிறுதி அணிகளுக்குப் பணம் வேண்டாம், கோப்பை போதும் என்றால் 6,000 குறையும். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் டீசலுக்கு மட்டும் மண் அடித்தால் 2,000 குறையும். நாற்காலியை விழாக் கமிட்டியிடம் இரவல் கேட்டால் இன்னொரு 2,000. இடது பக்கம் 45,000 ஆகிவிட்டது. நன்கொடை போக 9,000. இரவுச் சாப்பாட்டை நாம் கொடுக்காமல், மகளிர் குழுவினர் இட்லிக் கடை போட இடம் கொடுங்கள். மாலையிலேயே தோற்ற அணி சாப்பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை, பொட்டலம் வீணாகத்தான் போகும். வலது பக்கம் டீ, வடை, தண்ணீர் மட்டும், 320. ஆனால் சாப்பாடு இல்லை என்பதை நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்.

இப்போது 9,000-ஐ 9-ஆல் வகுத்து 320 கூட்டினால் 1,320. அதை 1,400 என்று வைக்கலாம். கூகுள் ஷீட்டில் போடுபவர்கள் B1-இல் இடது பக்கச் செலவு, B2-இல் கைக்கு வந்த நன்கொடை, B3-இல் நிச்சய அணிகள், B4-இல் ஓர் அணிச் செலவு, B6-இல் நீங்கள் முடிவு செய்த கட்டணம் என்று எழுதுங்கள். B5, B7 கட்டங்களில் முறையே இவை:

```
=(B1-B2)/B3+B4
=ROUNDUP((B1-B2)/(B6-B4),0)
```

முதல் வரி குறைந்தபட்சக் கட்டணம். இரண்டாவது, எத்தனை அணி வந்தால் கைக்காசு போகாது என்பது. நம் கணக்கில் ஓர் அணி 1,400 கட்டினால் 320 போக 1,080 மிஞ்சும். 9 அணி வந்தால் 9,720, தேவை 9,000, தப்பித்தோம். 8 என்றால் 360 குறையும், அது எதிர்பாராத செலவுப் பணத்தில் அடங்கும். 12-ம் வந்தால் 3,960 மிஞ்சும். அதை யாருக்குச் சேர்ப்பது என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதி வையுங்கள், பிறகு பேச்சு வராது.

படி 6: முன்பணமும் கடைசி நாளும்

500 முன்பணம், திருப்பித் தரப்படாது என்று நோட்டீஸில் போடுங்கள். போட்டிக்குப் பத்து நாள் முன்பு கடைசி நாள். மீதி 900-ஐக் கட்டிய பிறகுதான் குலுக்கலில் பெயர் எழுத வேண்டும். பணம் கட்டாமல் பெயர் எழுதிய அணி வராமல் போனால் எதிரணிக்கு ஆடாமலே வெற்றி போகும், கூட்டமும் சலித்துப்போகும்.

கடைசி நாளில் எத்தனை அணி என்று பார்த்து அன்றைக்கே முடிவெடுங்கள். 7 என்றால் 1,440 குறைகிறது. ஆனால் ஆட்டம் ஆறுதான், ஜெனரேட்டர் நேரமும் குறையும், தைரியமாக நடத்தலாம். 5 என்றால் 3,600 குறைகிறது, எதிர்பாராத செலவுப் பணம் முழுவதும் போனாலும் போதாது. அன்றைய தேதியில் நோட்டீஸ், பிளெக்ஸுக்கு மட்டும்தான் செலவாகியிருக்கும். கோப்பைக்கும் மண்ணுக்கும் அதற்கு முன்பு சொல்லாமல் வைத்திருந்தால் போட்டியை ஒத்தி வைக்க இடம் இருக்கும். ஒத்தி வைத்தால் முன்பணத்தை அன்றே திருப்பிக் கொடுங்கள், நன்கொடை தந்தவர்களிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

நடுவர்களின் சம்பளத்தைத் தனிக் கவர்களில் போட்டு, இறுதி ஆட்டத்துக்கு முன்பே பொருளாளர் பையில் வைத்திருங்கள். அவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள்.