செங்கல் மட்டும் ஏன் வரவில்லை?

குடியேற்றப் பலகை விளையாட்டில் செங்கல் தொடர்ந்து பற்றாக்குறையானது. பகடைகளை மாற்றினேன், ஓடுகளைக் கலைத்தேன், பயனில்லை. இரு பகடைகளின் கூட்டுத்தொகையாக விழும்போது ஒவ்வொரு வளத்தையும் தரும் ஓட்டு எண்களுக்குச் சராசரி 7 வருமாறு அடுக்கியதுதான் என் பிழை என்பது நான்கு நாள் கழித்தே தெரிந்தது.

செங்கல்லின் 4, 5, 12, கம்பளியின் 5, 6, 8, 9 ஆகிய இரண்டுக்கும் சராசரி 7 ஆயினும், இரு பகடைகளின் 36 சேர்க்கைகளில் முன்னதற்கு 3+4+1 என 8, பின்னதற்கு 4+5+5+4 என 18 வழிகள் உள்ளன. ஆகவே எண்களை விட்டு, வழிகளைக் கூட்டினேன். 12-ஐயும் கம்பளியின் 8-ஐயும் இடம் மாற்றியதும் செங்கல் 12 ஆகவும் கம்பளி 14 ஆகவும் நெருங்கின. அதன்பின் 6-உம் 8-உம் அருகருகே அமையவில்லை என்பதைச் சரிபார்த்தேன். அமைந்தால் அந்த ஒரு மூலையே ஆட்டத்தை முடித்துவிடும்.