நெய் இறக்கும் பதம்: தேர்வில் எப்படி எழுதுவது?

பால் தொழில்நுட்பத் தேர்வில் நெய் உருக்கும் கேள்வி வந்தால், பலரும் "பொன்னிறமானதும் இறக்க வேண்டும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நிறம் கடைசி அடையாளம்தான். காரணத்தை ஈரப்பதத்திலிருந்து தொடங்குங்கள்.

50 கிலோ வெண்ணெயில் 16% ஈரப்பதம் என்றால் 8 கிலோ தண்ணீர். அது ஆவியாகும்வரை பெரிய குமிழிகளோடு நுரை பொங்கும். வெப்பநிலையும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் கொடுக்கும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகிறது. தண்ணீர் தீர்ந்ததும் வெப்பநிலை சட்டென்று ஏறும். அப்புறம் பொடிப்பொடியாக இரண்டாவது நுரை எழும், அடியில் கசடு பழுப்பாகும். அடுப்பைக் குறைக்க வேண்டிய நேரம் இரண்டாவது நுரைக்கு முன்பே வந்துவிடுகிறது. தாமதித்தால் கசடு கருகி, நெய்யில் தீய்ந்த வாடை ஏறும். முந்தி இறக்கினால் ஈரம் தங்கி, கொழுப்பு நீராற்பகுப்படைந்து சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

கடைதலையும் இதோடு இணைக்கலாம். கிரீம் அதிகச் சூட்டில் கடையப்பட்டால் வெண்ணெய் இளகி மோரை அதிகம் பிடித்துக்கொள்ளும், மோரிலும் கொழுப்பு வீணாகும். அந்த வெண்ணெயை உருக்கும்போது கசடும் கூடும், நேரமும் கூடும்.