மரத்தடி வகுப்பு: நிழல் நகரும், பாயும் நகர வேண்டும்

கோயில் மண்டபத்தில் முகூர்த்தம், அடுக்கக ஹாலில் பெயிண்ட் வேலை, பள்ளி அறையில் கூரை ஒழுகல். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பெங்களூரில் இப்படி ஏதாவது ஒன்று தவறாமல் வரும். "பரவாயில்லை, மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம்" என்று முடிவெடுப்பது சுலபம். காலை ஒன்பது மணிக்குப் பாயை விரித்த பிறகுதான் சிக்கல் தெரியும்.

ஒரே ஒரு வகுப்பை எடுத்துத் திட்டமிடலாம். மார்ச் மூன்றாம் வாரம், காலை 9:00 முதல் 10:30 வரை. 24 பிள்ளைகள், எட்டு ஒன்பது வயது. ஆசிரியரோடு உதவிக்கு இரண்டு பெற்றோர். முற்றத்தில் நடுத்தர உயரப் புங்கமரம் ஒன்று. குடைபோலப் பரவிய கிளைகளின் அகலம் சுமார் 26 அடி, குடையின் நடுப்பகுதி தரையிலிருந்து 20 அடி உயரம். முற்றத்துக்காரரிடம் அனுமதி, தண்ணீர், கழிப்பறைச் சாவி எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

மரம் எது என்று பாருங்கள்

புங்கம்தான் என் முதல் தேர்வு. பெங்களூர்க்காரர்கள் ஹொங்கே என்று சொல்லும் அதே மரம். பிப்ரவரி வாக்கில் இலை உதிர்த்தாலும் உகாதிக்குள் புது இலை அடர்ந்துவிடும். அதே மார்ச்சில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் டபேபுயா படமெடுக்க அழகு. ஆனால் பூக்கும்போது அதில் இலை இருக்காது, நிழலும் இருக்காது. தென்னைக்குக் கீழே எந்த மாதத்திலும் வேண்டாம். காய்த்திருக்கும் பலாவும் அப்படியே. மாமரம் என்றால் இலைகளை நூலால் தைத்ததுபோல் முசுறு கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளை ஆடினால் போதும், எறும்பு தலையில் கொட்டும்.

பிறகு மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்குகிறதா? அரைவட்டமாகக் கறுப்பாய் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா? கூடு இருந்தால் அந்த மரம் வேண்டாம். 'உயரத்தில்தானே இருக்கிறது' என்ற சமாதானம் செல்லாது. புகையோ கல்லோ பட்டுக் கலைந்துவிட்டால் தேனீக்கள் கீழே ஓடுகிறவர்களை விரட்டிக் கொட்டும்.

பாயைத் தண்டின் அடியில் விரிக்காதீர்கள்

முதல்முறை செய்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. மரத்தடி என்றவுடன் தண்டைச் சுற்றித்தான் நிழல் இருக்கும் என்று நினைக்கிறோம். அது உச்சிவேளைக்குத்தான் பொருந்தும். காலை ஒன்பது மணிக்கு வெயில் சாய்வாக வருவதால் குடையின் நிழல் மரத்தை விட்டு விலகி மேற்கே விழுந்திருக்கும். நம் புங்கமரத்தில் அந்த நிழலின் நடுப்புள்ளி தண்டிலிருந்து சுமார் 26 அடி மேற்கே இருக்கும். தண்டை ஒட்டிய இடத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும்.

சூரியன் ஏற ஏற நிழல் மரத்தை நோக்கி வரும். 9:45க்கு நடுப்புள்ளி 18 அடியில், 10:30க்கு 12 அடியில். ஒன்றரை மணி நேரத்தில் 14 அடி நகர்ந்துவிட்டது. 26 அடி அகல நிழல் இவ்வளவு நகர்ந்தால், தொடக்கம் முதல் முடிவு வரை வெயில் படாத இடம் நடுவில் 12 அடி அகலத்தில் கண் வடிவமாகத்தான் மிஞ்சும். அதில் 24 பேர் அடங்கமாட்டார்கள்.

ஆகவே பாயை ஒருமுறை நகர்த்துவதைத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். முதல் பாதிக்கு வகுப்பின் நடுவிடம் தண்டிலிருந்து 22 அடி மேற்கே. இரண்டாம் பாதிக்கு 15 அடி. இரண்டிலும் நான்கைந்து அடி வடக்கே தள்ளிப் போடுங்கள், ஏனென்றால் மார்ச்சில் நம் ஊரில் காலைச் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே விலகி ஏறும்.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்குக் கோலமாவு போதும். முந்தைய ஞாயிறு அதே மரத்தடிக்குப் போய் 9:00, 9:45, 10:30 மூன்று வேளையும் நிழலின் ஓரத்தைக் கோலமாவால் வரையுங்கள். முதல் இரண்டு கோடுகளுக்கும் உள்ளே அடங்கும் இடம் முதல் பாதிக்கு, பின் இரண்டுக்கும் உள்ளே அடங்கும் இடம் அடுத்த பாதிக்கு. மழை அழித்துவிடும் என்றால் ஓரங்களில் செங்கல் வையுங்கள். ஒரு வாரத்தில் நிழல் பெரிதாக மாறாது, ஆனால் மாதக்கணக்கில் மாறும். டிசம்பரில் ஒன்பது மணிக்கு இதே மரத்தின் நிழல் 35 அடி நீண்டு வடமேற்கே போய்விடும். ஜூனில் தென்மேற்கே விழும். மார்ச்சில் போட்ட கோட்டை நம்பி டிசம்பரில் பாய் விரிக்காதீர்கள்.

உட்காரும் விதம்

வரிசைக்கு எட்டுப் பேராக மூன்று வரிசை, இலேசாக வளைத்து. ஒரு பிள்ளைக்கு இரண்டடி அகலம், வரிசைக்கு மூன்றடி ஆழம். மொத்தம் 16 அடிக்கு 9 அடி. கடையில் கிடைக்கும் 18க்கு 12 அடித் தார்ப்பாயில் அடங்கிவிடும். தார்ப்பாய் கீழே, ஜமுக்காளம் மேலே. ஜமுக்காளத்தை மட்டும் விரித்தால் பனி ஈரம் பத்தே நிமிடத்தில் ஏறிவிடும். தார்ப்பாயை மட்டும் விரித்தால் பிள்ளைகள் வழுக்கி வழுக்கி முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். நாலு மூலையிலும் செங்கல்.

பிள்ளைகள் வடக்கு பார்த்து உட்காரட்டும். கிழக்கு பார்த்தால் கண்ணில் வெளிச்சம், பலகை இருட்டாகத் தெரியும். மேற்கு பார்த்தால் பலகைமேல் வெயில் பட்டு மின்னும். ஜூன் வாக்கில் மட்டும் தெற்கு பார்க்க வையுங்கள். ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் மதில் இருந்தால் அதிர்ஷ்டம். திறந்த வெளியில் குரலைத் திருப்பி அனுப்ப எதுவும் கிடையாது. மதில் அந்த வேலையைச் செய்யும். தெருப்பக்கம் ஆசிரியரின் முதுகு இருந்தால் இன்னொரு லாபம்: ஆட்டோவைப் பார்த்து அவர் பேச்சை நிறுத்தமாட்டார். நஷ்டம், பிள்ளைகள் ஆட்டோவைப் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் மதிலையே எடுப்பேன்.

பலகைக்கு வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வெளியில் அது கண்ணாடிபோல் மினுக்கும். சுருட்டி வைக்கும் கரும்பலகைத் துணிதான் சரி. வெறுமனே கயிற்றில் தொங்கவிட்டால் காற்றில் படபடக்கும், ஆகவே பின்னால் ஒரு பிளைவுட் துண்டு. எழுத்து இரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அப்படி எழுதினால் பலகையில் பத்துப் பன்னிரண்டு சொல்தான் கொள்ளும். பாடத்தையும் அதற்குள் அடக்க வேண்டியதுதான்.

வெளியில் எந்தப் பாடம்?

ல, ள, ழ வேறுபாட்டை மரத்தடியில் எடுக்காதீர்கள். ர, றவும் வேண்டாம். இந்த நுண்ணிய வேறுபாடு காற்றிலும் தெருச் சத்தத்திலும் கரைந்துவிடும். பின்வரிசைப் பிள்ளைக்கு 'வலி', 'வழி' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். வீட்டில் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசும் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். குறில், நெடில் வெளியில் நன்றாக நடக்கும், நீளத்தைக் காற்று விழுங்காது.

9:00 முதல் 9:20 வரை ஆசிரியர் சொல்லச் சொல்லக் கைத்தட்டல். குறிலுக்கு ஒரு மாத்திரை, ஒரு தட்டு. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, இரண்டு தட்டு. கல், கால். பல், பால். விடு, வீடு. 9:20 முதல் 9:45 வரை இருவர் இருவராகச் சொல்லட்டை வாசிப்பு. அட்டைகளைக் கையில் கொடுத்தால் பறக்கும். இரண்டு கம்புகளுக்கு இடையே கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிடுங்கள்.

9:45க்கு எல்லோரும் எழுந்து நால்வர் குழுவாக முற்றத்தில் தேட வேண்டும்: நெடிலில் தொடங்கும் பொருள் இரண்டு, குறிலில் தொடங்குவது இரண்டு. காய், கூழாங்கல், இலை, செங்கல் என்று கொண்டுவருவார்கள். யாராவது ஒருவர் எறும்பைப் பிடித்துவந்து "இது நெடில்தானே" என்பார், எ குறில் என்று அங்கேயே தட்டிக் காட்டலாம். பத்து நிமிடம். அதற்குள் உதவிக்கு வந்த இருவர் ஜமுக்காளத்தைச் சுருட்டி, தார்ப்பாயை ஏழடி மரத்தை நோக்கி இழுத்துவிட வேண்டும். பலகையும் கூடவே. தேடல் விளையாட்டு இந்த இடத்தில் வருவதே பாயை நகர்த்தத்தான். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது நகர்த்தினால் கால்மணி நேரம் போய்விடும்.

9:55 முதல் 10:20 வரை எழுத்து வேலை. மடியில் வைத்து எழுதப் பரீட்சை அட்டை கட்டாயம், நோட்டு மட்டும் இருந்தால் கையெழுத்து கோணும். பலகையைப் பார்த்து நகல் எழுதச் சொல்லாதீர்கள். கொண்டுவந்த பொருளின் பெயரை எழுதட்டும். கடைசிப் பத்து நிமிடம் வாசித்துக் காட்ட.

இடி கேட்டால்

ஏப்ரல், மே மாத மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். ஆனாலும் எங்கே ஓடுவது என்று முன்பே தீர்மானியுங்கள். முதல் இடி காதில் விழுந்தவுடன் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மழை விழக் காத்திருக்கக்கூடாது. மின்னலுக்கு மரத்தடியைவிட மோசமான இடம் அதிகம் இல்லை. கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழித்தே திரும்பலாம்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன். "எங்களுக்கு மாலையில்தான் வகுப்பு" என்றார் ஒருவர். எல்லாம் தலைகீழாகும்: நிழல் கிழக்கே விழும், மரத்தை விட்டு விலகி ஓடும். அதுவும் வேகமாக. மார்ச்சில் 3:30க்கு 22 அடியில் இருக்கும் நடுப்புள்ளி 5 மணிக்கு 50 அடியைத் தொட்டுவிடும், பெரும்பாலும் அதற்குள் மதிலில் ஏறிவிடும். மாலை வகுப்பை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கள், அல்லது இரண்டு முறை நகர்த்துங்கள்.

இன்னொருவர் அடுக்ககத்தில் மரமே இல்லை என்றார். கட்டடத்தின் மேற்குப் பக்கம் போதும். 30 அடிச் சுவரின் நிழல் 9 மணிக்குச் சுமார் 40 அடி, 10:30க்கு 17 அடி. சுவரிலிருந்து 16 அடிக்குள் விரித்தால் வகுப்பு முடியும்வரை நகர்த்தவே வேண்டாம். மேல்தள ஏசி வெளிப்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று மட்டும் விரிக்குமுன் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.