சனிக்கிழமை பத்து மணி கேக்கை என்றைக்குச் சுடுவது?

வீட்டில் பேக்கரி நடத்துபவர்களின் ஆர்டர் நோட்டில் முதலில் கண்ணில் படும் தவறு, ஆர்டர் வந்த தேதிவாரியாக எழுதுவது. வாங்க வரும் தேதியையும் நேரத்தையும் மேலே எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டு அங்குல கேக் இரண்டும் கப்கேக் 24-ம் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேக்குக்கு இரண்டு அடுக்கு என்றால் மொத்தம் நான்கு டின். அவனில் ஒரு நேரத்தில் இரண்டு டின்தான் கொள்ளும். கப்கேக் என்றால் 12. ஆக நான்கு ஈடு. ஸ்பாஞ்சுக்கு 35 நிமிடம், கப்கேக்குக்கு 20 நிமிடம் என்று கூட்டினால் 110 நிமிடம் வரும். பலர் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலில் அவன் சூடாக 20 நிமிடம், ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே கதவைத் திறந்து மாற்றி, சூடு பழையபடி ஏறப் பத்து நிமிடம் என்று சேர்த்தால் 160 ஆகிவிடும். டின் இரண்டே இருந்தால், அவை ஆறிக் கழுவும் நேரம் தனி.

வெள்ளி மாலை ஆறுக்கு ஆரம்பித்தால் எட்டு நாற்பதுக்கு அவன் ஓயும். ஸ்பாஞ்ச் உள்ளே வரை ஆற இன்னும் இரண்டு மணி நேரமாவது வேண்டும். அவசரப்பட்டு வெதுவெதுப்பில் க்ரீம் தடவினால் அது உருகி வழியும், அடுக்கும் சரியும். அதனால் கேக் ஸ்பாஞ்சை வியாழன் மாலையே சுட்டு, நன்றாக ஆறியதும் பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றி வைத்துவிடலாம். ஒரு நாளில் கெட்டுப்போகாது. வெட்டும்போது உதிர்வதும் குறையும். வெள்ளி பகலில் க்ரீம் வேலை, மாலையில் கப்கேக் மட்டும். அதற்கு 70 நிமிடம் போதும்.

இன்னொரு தவறு நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துச் செய்வது: நான்கு டின்னுக்கும் ஒரேயடியாக மாவைக் கலக்கிவிடுவது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். முக்கால் மணி நேரம் காத்திருக்கும் இரண்டாவது ஈட்டுக் கலவையில் காற்று குறைந்துபோகும். முதல் ஜோடி உப்பி, இரண்டாவது ஜோடி தட்டையாக, கெட்டியாக வந்தால் ரெசிபியைத் திட்டாதீர்கள், காரணம் இதுதான். உலர்பொருட்களை இரண்டு பங்காக அளந்து சலித்து வைத்துக்கொண்டு, முதல் ஈடு வெளியே வரச் சற்று முன்பு இரண்டாவதைக் கலக்குங்கள்.

வெண்ணெயும் முட்டையும் கலக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். குளிர்ந்த முட்டை சேர்ந்தால் கலவை திரிதிரியாகிவிடும். கனாஷ் தடவும் பதத்துக்கு இறுக சில மணி நேரம் ஆகும் என்பதால் அதை வியாழன் இரவே செய்து வைத்துவிடலாம்.

அதே நாளில் பிரட்டும் இருந்தால் 175 டிகிரி கேக் முதலில், 220 டிகிரி பிரட் பிறகு. அவன் சட்டென்று சூடேறும், ஆறத்தான் அடம்பிடிக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் எடுப்பது என்று கேட்பவர்களிடம் நான் ஆர்டர் எண்ணிக்கையைச் சொல்வதில்லை, எத்தனை ஈடு என்று திருப்பிக் கேட்பேன். 48 கப்கேக் ஒரே ஆர்டர்தான், ஆனால் இந்த அவனில் அது நான்கு ஈடு.