வருகை நேரத்தில் கைரேகை மெஷினும் கையெழுத்துப் பதிவேடும் முரண்பட்டால்

ஒவ்வொருவர் பெயராக எடுத்துச் சண்டை போடுவதற்கு முன்னால், ஒரே நாளில் வந்த ஐந்தாறு பேருக்கு, மெஷின் நேரத்திலிருந்து பதிவேட்டு நேரத்தைக் கழித்து வித்தியாசத்தை மட்டும் ஒரு வரிசையில் எழுதிப் பாருங்கள். 12, 11, 13, 12, 47 நிமிடம் என்று வருகிறதா? அப்படியென்றால் மெஷினின் கடிகாரம் சுமார் 12 நிமிடம் வேகமாக ஓடுகிறது, எல்லோருக்கும் 12-ஐக் கழித்துவிடுங்கள். மிச்சம் 35 நிமிடம் இடிக்கிற அந்த ஒருவரை மட்டும் விசாரித்தால் போதும்.

கடிகாரப் பிழை எல்லோரையும் ஒரே அளவில் பாதிக்கும், ஆள் செய்கிற பிழை ஒருவரோடு நின்றுவிடும், அதனால்தான் இது வேலை செய்கிறது. ஆனால் ஒரு நாளில் கண்ட வித்தியாசத்தை மாதம் முழுக்கப் போடாதீர்கள். மின்தடைக்குப் பிறகோ யாராவது நேரத்தைத் திருத்திய பிறகோ அது சட்டென்று மாறியிருக்கலாம், ஆகவே வாரத்துக்கு ஒரு நாளாவது சரிபாருங்கள். மெஷின் போட்டுத் தரும் சுருக்க அறிக்கையை நம்பாமல், ஒவ்வொரு பதிவும் அப்படியே இருக்கும் மூலப் பட்டியலை எடுங்கள், ஏனென்றால் அடுத்தடுத்து இருமுறை விரல் வைத்தால் சில மென்பொருள்கள் இரண்டாவதை வெளியேறியதாக எடுத்துக்கொள்ளும்.

பதிவேட்டில் எல்லோருக்கும் 9.00 என்று ஒரே கையெழுத்தில் இருந்தால் இந்த வழி உதவாது. அது வந்த நேரமே இல்லை, பிற்பாடு நிரப்பியது. விரல் ரேகை பதியாமல் போனவருக்கும் இதில் விடை கிடைக்காது, அவருக்குப் பதிவேடுதான் சாட்சி.