செவ்வகத்தோடு அரைவட்டம் சேரும்போது: சுற்றளவிலும் பரப்பளவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். கீழே செவ்வகம், அதன் தலையில் அரைவட்ட வளைவு. அகலம் 1.4 மீட்டர். செவ்வகப் பகுதியின் உயரம் 120 செ.மீ. ஜன்னலின் வெளி விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும், உள்ளே முழுவதும் கண்ணாடி போட வேண்டும். பட்டை எவ்வளவு நீளம் வாங்குவது? கண்ணாடி எத்தனை சதுர மீட்டர்?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் பல வருடங்களாகக் கொடுத்து வருகிறேன். சூத்திரம் தெரியாமல் தவறு செய்கிறவர்கள் குறைவு. செவ்வகத்துக்கும் வட்டத்துக்கும் சூத்திரம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இரண்டு உருவங்களும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கணக்கு தவறுகிறது.

முதலில் அலகைச் சரிசெய்துவிடுவோம். ஒரு அளவு மீட்டரில் இருக்கிறது, இன்னொன்று செ.மீ.இல் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் 1.4 × 120 = 168 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த 168 சதுர மீட்டரும் இல்லை, சதுர செ.மீ.யும் இல்லை, அதற்குப் பெயரே கிடையாது. எனவே படத்தின் மேலேயே எல்லா அளவுகளையும் ஒரே அலகில் திருத்தி எழுதுங்கள்: அகலம் 140 செ.மீ., உயரம் 120 செ.மீ. விடைத்தாளின் ஓரத்தில் மாற்றி எழுதினால் போதாது. கணக்குப் போடும்போது கண் படத்தைத்தான் பார்க்கும்.

அடுத்து ஆரம். ஜன்னலின் அகலம்தான் அரைவட்டத்தின் விட்டம். அதில் பாதி, 70 செ.மீ., ஆரம். 140ஐயே ஆரமாக எடுத்துக்கொண்டால் வளைவின் நீளம் இரண்டு மடங்காகும், பரப்பளவோ நான்கு மடங்காகும். படத்தில் மையத்தைப் புள்ளி வைத்துக் குறித்து, அங்கிருந்து வளைவுக்கு ஒரு கோடு இழுத்து அதன்மேல் 70 என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

இப்போது சுற்றளவு. அதிகம் பேர் தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். பெரும்பாலான பிள்ளைகள் இப்படிப் போடுகிறார்கள்: செவ்வகத்தின் சுற்றளவு 2 × (140 + 120) = 520. அரைவட்டத்தின் சுற்றளவு, வளைவு 220, விட்டம் 140, சேர்த்து 360. மொத்தம் 880 செ.மீ.

தனித்தனியாகப் பார்த்தால் 520 சரி, 360ம் சரி. கூட்டியதுதான் தவறு. செவ்வகத்தின் மேல் பக்கமும் அரைவட்டத்தின் விட்டமும் ஒரே கோடு. இரண்டையும் ஒட்டிய பிறகு அந்தக் கோடு ஜன்னலின் உள்ளே போய்விட்டது. ரப்பர் பட்டை அந்த வழியே போகவே போகாது. ஆனால் மேலே உள்ள கணக்கில் அது இரண்டு முறை சேர்ந்திருக்கிறது.

சூத்திரத்தை மறந்துவிட்டு, படத்தின் விளிம்பில் விரலை வைத்து ஒரு சுற்று வாருங்கள். இடது கீழ் மூலையில் தொடங்குவோம். கீழ்ப் பக்கம் 140. வலது பக்கம் மேலே ஏறினால் 120. அப்புறம் வளைவு, 22/7 × 70 = 220. இடது பக்கம் இறங்கினால் 120. தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். 140 + 120 + 220 + 120 = 600 செ.மீ., அதாவது 6 மீட்டர். முன்பு வந்த 880க்கும் இதற்கும் வித்தியாசம் 280. அது அந்த உள்கோட்டின் இரண்டு மடங்கு. 740 என்று விடை வந்தவர்கள் உள்கோட்டை ஒருமுறை சேர்த்திருக்கிறார்கள். தவறான விடையிலிருந்து சரியான விடையைக் கழித்துப் பார்த்தால் எங்கே தவறினோம் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

பரப்பளவில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கோட்டுக்குப் பரப்பு கிடையாது, அதனால் இரண்டு பகுதிகளையும் தாராளமாகக் கூட்டலாம். செவ்வகம் 140 × 120 = 16,800. அரைவட்டம் ½ × 22/7 × 70 × 70 = 7,700. மொத்தம் 24,500 சதுர செ.மீ. அந்த ½ஐ விட்டுவிட்டு முழு வட்டத்தைக் கூட்டுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. அரைவட்டத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரையுங்கள். அகலம் 140, உயரம் 70, பரப்பு 9,800. அரைவட்டம் இந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், பெட்டியில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாக நிரப்ப வேண்டும். 7,700 பொருந்துகிறது. 15,400 என்று வந்திருந்தால் பெட்டியைத் தாண்டிவிட்டது, உடனே தெரிந்துவிடும். வளைவின் நீளத்துக்கும் இதே பெட்டி உதவும். வளைவு விட்டத்தைவிட நீளமாகவும், பெட்டியின் மூன்று பக்கங்களைவிடக் குட்டையாகவும் இருக்க வேண்டும். 220 என்பது 140க்கும் 280க்கும் நடுவில் இருக்கிறது, சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வினாவில் “ஜன்னலின் மொத்த உயரம் 190 செ.மீ.” என்று கொடுத்திருந்தால், அதில் அரைவட்டத்தின் ஆரமும் சேர்ந்திருக்கிறது. 190 − 70 = 120 என்று கழித்த பிறகுதான் செவ்வகத்தின் உயரம் கிடைக்கும். வீட்டில் நிஜமாக டேப் பிடித்து அளக்கும்போதும் பெரும்பாலும் மொத்த உயரத்தைத்தான் எடுப்போம்.

விடையைச் சதுர மீட்டரில் சொல்லும்போது அடுத்த தவறு காத்திருக்கிறது. “ஒரு மீட்டருக்கு 100 செ.மீ.” என்ற நினைப்பில் 24,500ஐ 100ஆல் வகுத்து 245 சதுர மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு ஜன்னல் கண்ணாடி 245 சதுர மீட்டர் என்றால் அது ஒரு பெரிய வீட்டு மனை அளவு! ஒரு சதுர மீட்டர் என்பது 100 செ.மீ. நீளமும் 100 செ.மீ. அகலமும் உள்ள சதுரம். அதற்குள் 100 × 100 = 10,000 சதுர செ.மீ. இருக்கிறது. ஆகவே 24,500 ÷ 10,000 = 2.45 சதுர மீட்டர். சுற்றளவை 100ஆல் வகுத்தோம், பரப்பளவை 10,000ஆல் வகுக்கிறோம். இரண்டையும் ஒரே எண்ணால் வகுத்திருந்தால் அங்கே நின்று மறுபடி பாருங்கள்.

நம் ஊரில் கண்ணாடியும் கிரில்லும் அடிக்கணக்கில்தான் பேசப்படும், அங்கே வேறொரு பொறி உண்டு. 3 அடி 6 அங்குலத்தைச் சீட்டில் 3.6 என்று எழுதுவது பழக்கம். எழுதியவருக்கு அர்த்தம் தெரியும். அதைக் கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் தவறு. ஒரு அடிக்கு 12 அங்குலம் என்பதால் 6 அங்குலம் அரை அடி, எனவே அது 3.5 அடி.

3 அடி 6 அங்குல அகலமும், செவ்வகப் பகுதி 4 அடி உயரமும் உள்ள வளைவு ஜன்னலை முழுக்க அங்குலத்தில் போட்டுப் பார்ப்போம். அகலம் 42, உயரம் 48, ஆரம் 21. சுற்றளவு 42 + 48 + 66 + 48 = 204 அங்குலம், 12ஆல் வகுத்தால் 17 அடி. பரப்பளவு 42 × 48 = 2,016, அரைவட்டம் 693, மொத்தம் 2,709 சதுர அங்குலம். இதை 12ஆல் வகுக்கக் கூடாது, 144ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 18.8 சதுர அடி வரும். அகலத்தை 3.6 என்று வைத்துப் போட்டிருந்தால் 19.5 வந்திருக்கும். வித்தியாசம் சின்னதாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் இந்தத் தவறின் ஆபத்து.

இதுவரை அரைவட்டத்தை ஒட்டினோம். வெட்டி எடுத்தால்? 40 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம் உள்ள ஒரு தகட்டின் அகலப் பக்கத்தில், அந்தப் பக்கத்தையே விட்டமாக வைத்து ஒரு அரைவட்டத்தை உள்நோக்கி வெட்டி எடுக்கிறோம். பரப்பளவு குறைகிறது: 1,120 − 308 = 812 சதுர செ.மீ. “வெட்டிவிட்டோமே, சுற்றளவும் குறையும்” என்று அதிலும் வளைவைக் கழிக்கிறார்கள். விரலை வைத்துச் சுற்றி வாருங்கள். 40, அப்புறம் முழுசாக இருக்கும் 28, மறுபடி 40, கடைசியில் உள்ளே குழிந்து போகும் வளைவு 44. மொத்தம் 152. வெட்டும் முன் சுற்றளவு 136தான் இருந்தது. 28 செ.மீ. நேர்கோடு போய், அந்த இடத்தில் 44 செ.மீ. வளைவு வந்திருக்கிறது. வளைவு வெளியே புடைத்திருந்தாலும் உள்ளே குழிந்திருந்தாலும் விளிம்பின் நீளம் ஒன்றுதான். பரப்பளவில் மட்டும்தான் கூட்டலும் கழித்தலும் மாறும்.

கடைசியாக, இதே உருவம் நிஜத்தில் மிகக் கறாராக அளக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அது 400 மீட்டர் ஓட்டப் பாதை. நடுவில் செவ்வகம், இரு முனையிலும் அரைவட்டம். சர்வதேசத் தரமான பாதையில் நேர்ப் பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், அரைவட்ட உள்விளிம்பின் ஆரம் 36.5 மீட்டர். இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். எனவே சுற்றளவு 2 × 84.39 + 2 × π × 36.5. போட்டுப் பார்த்தால் 398.12 மீட்டர்தான் வருகிறது, 400 வரவில்லை.

கணக்கில் தவறில்லை, எந்தக் கோட்டை அளக்கிறோம் என்பதில்தான் விஷயம். ஓடுகிறவர் உள்விளிம்பின் மேலேயே ஓட முடியாது. அதனால் முதல் தடத்தின் நீளத்தை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். இங்கேயும் அலகு வந்துவிட்டது பாருங்கள்: 36.5 மீட்டரோடு 30 செ.மீ.ஐச் சேர்க்க, அதை 0.3 மீட்டர் ஆக்க வேண்டும். ஆரம் 36.8. இப்போது 168.78 + 231.22 = 400.00 மீட்டர்.

இதில் πக்கு 22/7 போட்டால் 400.09 வரும், 3.14 போட்டால் 399.88 வரும். ஜன்னல் பட்டைக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை, 22/7 தாராளமாகப் போதும். தேர்வில் வினா எந்த மதிப்பைச் சொல்கிறதோ அதையே எடுங்கள். ஓட்டப் பாதையில் கோடு போடுகிறவருக்கோ 12 செ.மீ. குறைவது பெரிய விஷயம், அவர் கால்குலேட்டரில் உள்ள π பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.