குளியல் பொம்மைக்குள் தண்ணீர் தேங்காமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க: ஓட்டையை அடைக்கும் முறை

அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் ரப்பர் வாத்து, மீன், ஆமை எதுவானாலும் அடியில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அளவில் ஓர் ஓட்டை இருக்கும். கையை விட்டதும் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். மறுபடி அமுக்கினால் பெரும்பகுதி வெளியே வரும், ஆனால் முழுவதும் வராது. கழுத்து, அலகு, வால் மாதிரியான மடிப்புகளில் கொஞ்சம் நின்றுவிடும். அவ்வளவு சின்ன ஓட்டை வழியாக உள்ளே காற்றோட்டமும் இருக்காது என்பதால் அது காயவும் காயாது.

வீட்டில் இருக்கும் பொம்மையை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பொம்மைக்குள் அதை இழுக்கவிட்டு, நன்றாகக் குலுக்கி, அதே கிண்ணத்தில் பீய்ச்சுங்கள். கறுப்பு அல்லது சாம்பல் நிறத் துணுக்குகள் வந்தால் உள்ளே பூஞ்சை இருக்கிறது. தண்ணீர் தெளிவாக வந்தாலும் நம்பிவிட வேண்டாம். ஒரு பட்ஸை நனைத்து ஓட்டைக்குள் விட்டுச் சுவரைத் தடவி எடுங்கள். வழவழவென்று ஏதாவது ஒட்டி வந்தால், அது கிருமிகள் கட்டிய படலம்.

2018ல் சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வீடுகளில் பயன்படுத்திய 19 குளியல் பொம்மைகளை ஆராய்ந்தார்கள். எல்லாவற்றிலும் இந்தப் படலம் இருந்தது, 58 சதவீதத்தில் பூஞ்சையும் இருந்தது. சுத்தமான தண்ணீர் மட்டும் போன புதுப் பொம்மைகளிலும் படலம் உருவானது. மென்மையான பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமப் பொருளே கிருமிகளுக்கு உணவாகிறது, குளித்த தண்ணீரில் இருக்கும் அழுக்கும் சோப்பும் அதோடு சேர்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் வீடுகளில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேங்காய் எண்ணெய், பயத்தமாவு. எண்ணெய் தேய்த்து மாவு போட்டுக் குளிப்பாட்டும் நாளில், பொம்மை உள்ளே இழுப்பது மாவு கரைந்த எண்ணெய்த் தண்ணீரை.

பூஞ்சை வந்துவிட்ட பொம்மை

தூக்கிப் போடுங்கள். வினிகரில் ஊற வைக்கலாமே, கொதிக்கும் தண்ணீரில் போடலாமே என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். படலம் சுவரோடு ஒட்டியிருக்கும், தேய்த்தால்தான் போகும். அவ்வளவு சின்ன ஓட்டை வழியாக உள்ளே முழுவதும் தேய்க்க முடியாது. கொதிநீரில் மென்பிளாஸ்டிக் நெளிந்துவிடும், உள்ளே ஏறிய சூடான தண்ணீர் அமுக்கும்போது கையில் பீய்ச்சும்.

ப்ளீச்சிங் திரவத்தை உள்ளே விடவே கூடாது. தண்ணீரை முழுதாக வெளியேற்ற முடியாத ஓட்டை வழியாக ப்ளீச்சையும் முழுதாக அலசி எடுக்க முடியாது. அடுத்த குளியலில் அந்த மிச்சம் குழந்தையின் வாய்க்கோ கண்ணுக்கோ போகும். முதலில் வினிகர், பிறகு ப்ளீச் என்று இரண்டையும் முயல்வது அதைவிட ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

புதுப் பொம்மையை அடைப்பது

அடைத்த வாத்து தண்ணீர் பீய்ச்சாது, மிதக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மிதப்பதும், பிடிப்பதும், கடிப்பதும் போதும். ஒரு முறைகூடத் தண்ணீரில் போடாத பொம்மையைத்தான் அடைக்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே இருக்கும்போது அடைத்தால், அந்த ஈரத்தை நிரந்தரமாக உள்ளே பூட்டியது போலாகும்.

எதைக் கொண்டு அடைப்பது? பலரும் சொல்வது சூடான பசைத் துப்பாக்கி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மென்பிளாஸ்டிக்கில் உள்ள நெகிழ்வூட்டும் எண்ணெய் மெல்ல மேலே கசிந்து பசையின் பிடியைத் தளர்த்தும். கடைசியில் அது ஒரு குமிழாகக் கழன்று குழந்தையின் வாய்க்குள் போகக்கூடும். உடனே ஒட்டும் பசைகள் காய்ந்தால் கண்ணாடி போல இறுகிவிடும். பொம்மையை அமுக்கும்போது விரிசல் விடும். நான் பரிந்துரைப்பது மீன்தொட்டி ஒட்டும் நிறமற்ற சிலிக்கான். ஹார்டுவேர் கடையிலும் மீன்தொட்டி விற்கும் கடையிலும் சின்ன டியூபாகக் கிடைக்கும். பாத்ரூம் சிலிக்கான் என்று எழுதியதை வாங்காதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருப்பது வழக்கம், குழந்தை கடிக்கும் பொருளுக்கு அது ஆகாது.

ஓட்டையின் வெளிப்புறத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். டியூபின் மூக்கை நுனியிலேயே, ஓட்டைக்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். மூக்கை மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே நுழைத்து, ஒரு கொண்டைக்கடலை அளவு சிலிக்கான் உள்ளே போகும்படி அழுத்துங்கள். அழுத்திக்கொண்டே மெல்ல வெளியே இழுத்தால், ஓட்டையும் நிறைந்து வெளியில் ஒரு சின்னத் தலை நிற்கும். அதை ஈர விரலால் தட்டையாகத் தடவிவிடுங்கள். உள்ளே ஒரு தலை, வெளியே ஒரு தலை, நடுவில் மெல்லிய கழுத்து என்று பட்டன் மாதிரி அமைய வேண்டும். சிலிக்கான் மென்பிளாஸ்டிக்கில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது, அதைப் பிடித்து நிறுத்துவது இந்த வடிவம்தான். மேலே மட்டும் பூசிவிட்டால் சில நாளில் உரிந்து வந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்குக் கெட்டுப்போகும் இடம் இதற்கு அடுத்தது. சிலிக்கான் காயும்வரை பொம்மையை அமுக்கவே கூடாது. அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று இளகிய சிலிக்கான் நடுவே புகுந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையைப் போட்டுவிடும். மூக்கை நுழைக்கும்போதே வாத்தின் வயிற்றை இறுகப் பிடிப்பவர்களுக்கும் இதே கதிதான். கையை விட்டதும் பொம்மை உப்பி, சிலிக்கானை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வாத்தை ஒரு டம்ளரில் தலைகீழாக, ஓட்டை மேலே இருக்கும்படி உட்கார வைத்துவிட்டு, கை படாமல் வேலையைச் செய்யுங்கள்.

வெயிலும் இதையே செய்யும். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்தால், உள்ளே உள்ள காற்று சூடாகி விரிந்து அடைப்பை வெளியே தள்ளும். 25 டிகிரியில் இருந்த காற்று 40 டிகிரிக்குப் போனால் சுமார் 5 சதவீதம் விரியும். 100 மில்லி காற்று இருக்கும் வாத்தில் அது ஒரு டீஸ்பூன் அளவு, இளகிய சிலிக்கானைத் துளைக்க அது தாராளம். வீட்டுக்குள் ஜன்னல் வெயில் படாத அலமாரியில் மூன்று நாள் வையுங்கள். சிலிக்கான் காற்றில் உள்ள ஈரத்தைக் கொண்டுதான் இறுகும், சூடு தேவையில்லை. பெரும்பாலான டியூப்களில் புளிக்காடி வாசனை வரும். அந்த வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

காய்ந்த பிறகு அதே விரியும் குணத்தை வைத்துச் சோதனை செய்யலாம். ஒரு வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பொம்மையை முழுக்க அமிழ்த்தி, ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு தண்ணீருக்குள்ளேயே மெல்ல அமுக்குங்கள். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து குமிழி வந்தால் அடைப்பு சரியில்லை. கடைசியாக அடைப்பின் தலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் அந்தப் பொம்மையைக் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம்.

அமுக்கினால் 'கீச்' என்று சத்தம் வரும் பொம்மைகளில் இந்த முறையைச் செய்யாதீர்கள். அவற்றின் ஓட்டையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லை செருகியிருக்கும். அது கழன்றால் தொண்டையில் அடைக்கும் அளவுதான். அவற்றைக் குளியலுக்கே கொண்டுபோக வேண்டாம்.

பீய்ச்சும் பொம்மைதான் வேண்டுமென்றால்

இரண்டாகக் கழற்றக்கூடிய சிலிக்கான் பொம்மையை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கழற்றி, தேய்த்து, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, இரண்டு பாதியையும் தனித்தனியாகக் காயவிடலாம். காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

கடையில் 'ஓட்டை இல்லாதது' என்று விற்பதையும் சோதித்தே வாங்குங்கள். கன்னத்தருகே வைத்து அமுக்கினால், எங்கேயாவது காற்று கசிந்தால் தோல் உடனே உணரும்.

இதையெல்லாம்விட எளியது அடுக்களையிலேயே இருக்கிறது. டீ வடிகட்டி, சின்னப் புனல், எவர்சில்வர் டம்ளர். தண்ணீர் தேங்க அவற்றில் இடமே இல்லை. டம்ளரில் மட்டும் ஒன்று பார்க்க வேண்டும்: சிலவற்றின் விளிம்பு சுருட்டி மடித்திருக்கும், அந்தச் சுருளுக்குள் எண்ணெயும் தண்ணீரும் நிற்கும். விளிம்பு மடிக்காத கனமான டம்ளர் நல்லது, அதன் விளிம்பு மழுங்கலாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: அடைத்த பொம்மைக்குள் மறுபடி தண்ணீர்

அடைத்து இரண்டு மாதம் கழித்து வாத்துக்குள் தண்ணீர் ஆடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் அடைப்பு சரியாகவே இருக்கும். முளைத்த முதல் பல் அலகில் அல்லது வாலில் போட்ட ஊசித்துளை வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும். கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு அடுக்களைத் தராசு உதவும். அடைத்ததும் பொம்மையை எடை போட்டு, அதைப் பொம்மையின் அடியில் எழுதாமல் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 40 கிராம் இருந்த வாத்து, வெளியே நன்றாகத் துடைத்த பிறகும் 43 காட்டினால், உள்ளே மூன்று மில்லி தண்ணீர் இருக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு போட்டுப் பார்த்தால் போதும். எடை கூடிய பொம்மையை மறுபடி அடைக்க முயலாமல் கழித்துவிடுங்கள். பல் பட்ட இடத்தில் பிளாஸ்டிக் துணுக்காகவும் பெயரும்.

இன்னொரு கேள்வி, அடைக்காத பொம்மையைத் தினமும் எப்படிக் காயவைப்பது என்பது. ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து அமுக்குங்கள், அமுக்கியபடியே தண்ணீரை விட்டு உயரத் தூக்கி, அதன்பிறகு கையை விடுங்கள். அப்போதுதான் தண்ணீருக்குப் பதில் காற்று உள்ளே போகும். பொம்மையைச் சாய்த்துச் சாய்த்து, துளி வருவது நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். குழந்தையைத் துடைத்து வேறொருவர் கையில் கொடுத்த பிறகு செய்யும் வேலை இது. பிறகு வலைப்பையில் போட்டு பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். இப்படிச் செய்தாலும் படலம் வருவது தாமதமாகும், நிற்காது. பட்ஸில் வழவழப்பு ஒட்டிய அன்றே அந்தப் பொம்மையை மாற்றிவிடுங்கள்.